வறண்ட செய்திமடலில் மெல்லிய சிரிப்பு: ஒரு கேன்டீன் அறிவிப்பை வைத்துப் பயிற்சி

மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் நிறுவனத்தின் மாதச் செய்திமடலை ஒப்படைக்கும்போது, "கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டும்" என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அவரும் கடைசிப் பக்கத்தில் 'சிரிப்போ சிரிப்பு' என்று ஒரு கட்டம் போட்டு, வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு ஜோக்குகளையும் ஒரு வடிவேலு மீமையும் ஒட்டிவைப்பார். அந்த மீம் காலையிலேயே எல்லோர் கைப்பேசிக்கும் வந்துபோயிருக்கும். மற்ற மூன்று பக்கங்களும் பழையபடி வறண்டே கிடக்கும். அதோடு, சினிமாக் காட்சியின் படத்தை நிறுவனத்தின் பெயரில் அச்சிட்டால் பதிப்புரிமைக் கேள்வியும் வரலாம்.

சிரிப்புக்கென்று தனிக் கட்டம் தேவையில்லை. செய்திமடலில் ஏற்கெனவே இருக்கும் அறிவிப்பு, படக்குறிப்பு, திருத்தம் ஆகியவற்றுக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. சில நூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலை, நான்கு பக்க ஏ4 செய்திமடல், அறிவிப்புப் பலகையில் அச்சுப் பிரதி, வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப். இப்படி ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

முதல் வேலை: விவரம் சேகரிப்பது

கேன்டீனில் எவர்சில்வர் டம்ளர்கள் குறைகின்றன, அதைப் பற்றி ஓர் அறிவிப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகப் பிரிவிலிருந்து உங்களுக்கு வருவது இப்படி இருக்கும்:

"உணவகத்தில் உள்ள டம்ளர்களைப் பணியிடங்களுக்கு எடுத்துச் செல்வது கண்டறியப்பட்டுள்ளது. இது தவிர்க்கப்பட வேண்டும். அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதில் யார், எத்தனை, எங்கே என்று எதுவுமே இல்லை. 'கண்டறியப்பட்டுள்ளது' என்றால் கண்டறிந்தவர் யார்? 'ஒத்துழைப்பு' என்றால் ஊழியர் என்ன செய்ய வேண்டும்? அறிவிப்பு வறண்டுபோனதற்கு இந்தக் காலி இடங்கள்தான் காரணம். இதன்மேல் ஒரு ஜோக்கை வைத்தால் அது ஒட்டாமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அதனால் பேனாவை எடுக்கும் முன் கேன்டீன் பொறுப்பாளரிடம் போய்க் கேளுங்கள். எப்போது, எத்தனை டம்ளர் வாங்கினார்கள்? இப்போது எத்தனை இருக்கின்றன? காணாமல் போனவற்றில் எங்கெங்கே எத்தனை கிடைத்தன? கிடைத்தபோது அவற்றுக்குள் என்ன இருந்தது? புன்னகை இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. டம்ளருக்குள் என்ன இருந்தது என்று யாரும் உங்களுக்கு எழுதி அனுப்ப மாட்டார்கள். நேரில் கேட்டால் மட்டுமே சொல்வார்கள்.

கிடைத்த பதில்கள் இவை என்று கொள்வோம். ஏப்ரலில் 240 டம்ளர் வாங்கினார்கள். ஜூன் கணக்கெடுப்பில் 131 இருந்தன. தேடிப் பார்த்ததில் மெயின்டனன்ஸில் 22, பெயிண்ட் ஷாப்பில் 17, அக்கவுண்ட்ஸில் 9 கிடைத்தன. அக்கவுண்ட்ஸில் இருந்த ஒன்பதில் ஆறில் பேனா. பெயிண்ட் ஷாப்பில் சிலவற்றில் தின்னர்.

இரண்டு தவறான வடிவங்கள்

முதல் தவறு, சிரிப்பை வலிந்து திணிப்பது:

"அடடே! நம் கேன்டீன் டம்ளர்களுக்குக் கால் முளைத்துவிட்டதா?! நடந்து நடந்து எங்கே போயின? ஹி… ஹி…"

ஆச்சரியக்குறியும் 'ஹி ஹி'யும் வாசகரைப் பார்த்து 'இங்கே சிரிக்க வேண்டும்' என்று சைகை காட்டுகின்றன. கால் முளைத்தது என்ற கற்பனை எந்தக் கேன்டீனுக்கும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். இந்த இடத்துக்கென்று அதில் ஒன்றுமில்லை. தவிர, படித்து முடித்த பிறகும் டம்ளரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டாவது தவறு, குத்தல்:

"நம் அன்பு நண்பர்கள் சிலர் டம்ளர்களைச் சீர்வரிசைக்குச் சேர்த்து வைக்கிறார்கள் போலும். பிறர் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பதுகூடத் தெரியாதவர்களா நாம்?"

எழுதியவருக்கு இது நகைச்சுவையாகத் தெரிந்திருக்கும். படிப்பவருக்கு இது திருட்டுக் குற்றச்சாட்டு. நேரில் பேசும்போது குரலும் முகமும் குத்தலின் கூர்மையைக் குறைத்துவிடும். பலகையில் ஒட்டிய தாளுக்கு முகம் கிடையாது. அதில் இருப்பது நிறுவனத்தின் முத்திரை மட்டும்தான், அதனால் அது மேலிடத்தின் ஏச்சாகவே காதில் விழும். 'சிலர்' என்று பெயர் சொல்லாமல் விட்டதால் பழி குறையவும் இல்லை. டம்ளரைத் தொடாதவர்கூடத் தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று நினைத்துக்கொள்வார்.

தமிழில் குத்தல் பெரும்பாலும் சின்னச் சொற்களில் ஒளிந்திருக்கும். எழுதி முடித்ததும் 'கூட', 'போலும்', 'என்னமோ', 'அல்லவா', 'பாவம்' ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். "படித்தவர்கள் டம்ளரைத் திருப்பி வைப்பதில்லை" என்பது வெறும் புகார். "படித்தவர்கள்கூட" என்றதும் படிக்காதவர்கள் எல்லோரையும் சேர்த்து அவமதித்தாயிற்று. ஒரு சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் வைப்பதும் இதே ரகம்: 'சீக்கிரமாக' வருபவர்கள், 'பிஸியான' நண்பர்கள். வழக்கத்துக்கு மேலான மரியாதையும் அப்படித்தான். 'மாண்புமிகு டம்ளர் பிரியர்கள்' என்பதில் மரியாதை எங்கே இருக்கிறது?

சரியான வடிவம்

இப்போது சேகரித்த விவரங்களை மட்டும் வைத்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு எழுதுங்கள்:

"கேன்டீனுக்கு ஏப்ரலில் 240 டம்ளர் வாங்கினோம். ஜூனில் எண்ணியபோது 131 இருந்தன. தேடியதில் மெயின்டனன்ஸில் 22, பெயிண்ட் ஷாப்பில் 17, அக்கவுண்ட்ஸில் 9 கிடைத்தன. அக்கவுண்ட்ஸில் கிடைத்த ஒன்பதில் ஆறில் பேனா இருந்தது. பேனா ஸ்டாண்டு வேண்டுவோர் ஸ்டோர்ஸில் கேட்டால் தருவார்கள். இன்னும் 61 டம்ளர்கள் பற்றித் தகவல் இல்லை. உங்கள் மேசையில் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கேன்டீன் வாசலில் உள்ள நீலக் கூடையில் வைத்துவிடுங்கள். யாரும் பெயர் கேட்க மாட்டார்கள்.

பெயிண்ட், தின்னர் ஊற்றிய டம்ளர்களைக் கூடையில் போட வேண்டாம். கழுவினாலும் அவற்றில் குடிக்கக் கூடாது. பாதுகாப்புப் பிரிவில் ஒப்படையுங்கள்."

இதில் ஜோக் என்று தனியாகப் பிரித்தெடுக்க எதுவும் இல்லை. எல்லாமே உண்மை. புன்னகை வரும் இடங்கள் இரண்டு: பேனா இருந்த ஆறு டம்ளர்கள், 'தகவல் இல்லை' என்ற காவல்நிலையத் தொனி. இரண்டும் யாரையும் திருடன் ஆக்கவில்லை. பேனா ஸ்டாண்டு இல்லாததால்தான் டம்ளர் போனது என்ற நியாயத்தையும் ஒத்துக்கொண்டு, அதற்கு வழியும் சொல்கிறது. கடைசிப் பத்தியில் வேடிக்கைக்கு இடமே இல்லை. உடம்புக்குக் கேடு வரக்கூடிய செய்தி அது என்பதால் தனிப் பத்தியாகப் பிரிந்து நேராக நிற்கிறது. ஒரே அறிவிப்புக்குள் இரண்டும் வரும்போது இப்படி வரி விட்டுப் பிரிப்பது கட்டாயம்.

அச்சுக்குப் போகும் முன் அக்கவுண்ட்ஸ் தலைமையிடம் அந்த வரியைக் காட்டிவிடுங்கள். அவர் சிரித்தால் இருக்கட்டும். யோசித்தால் "ஓர் அலுவலகப் பிரிவில்" என்று மாற்றிவிடுங்கள், வரி அப்போதும் நிற்கும்.

சொல் எங்கே விழ வேண்டும்

அதே பேனா விவரத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "பேனா வைக்கப் பயன்படுத்தப்பட்ட ஆறு உட்பட ஒன்பது டம்ளர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து கண்டெடுக்கப்பட்டன." விவரம் அதேதான், ஆனால் புன்னகை போய்விட்டது. முதல் சொல்லிலேயே பேனா வந்துவிட்டதால் எதிர்பாராதது என்று ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு வரும் நீண்ட வினைச்சொல் மிச்சம் இருந்ததையும் மூடிவிடுகிறது.

தமிழ் வாக்கியத்தில் முடிவு வினைக்கு உரியது. அதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் இடத்தில்தான் வேடிக்கையான சொல் விழ வேண்டும். பின்னால் வரும் வினை குட்டையாக இருக்க வேண்டும்: இருந்தது, கிடைத்தது, இல்லை, வந்தார். 'கண்டறியப்பட்டுள்ளது' போன்றவற்றை அந்த இடத்தில் வைக்காதீர்கள். அந்த வரிக்குப் பிறகு விளக்கமும் கூடாது. "ஆறில் பேனா இருந்தது. பேனாவுக்கும் தாகம் எடுக்கும் அல்லவா!" என்று ஒரு வரி கூட்டினால் முதல் வரியும் கெட்டுவிடும். எழுதும்போது கை தானாக அந்த இரண்டாவது வரிக்குப் போகும். போனால் அடித்துவிடுங்கள்.

மூலத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு தமிழாக்கும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. இந்த வரிகளை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். விவரக் குறிப்பை வைத்துக்கொண்டு இரண்டு மொழியிலும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றில் வேடிக்கை வராவிட்டால் அந்த மொழியில் நேராகவே இருக்கட்டும்.

எந்த இடங்களில் வைக்கலாம்

நான்கு பக்கத்துக்கு மூன்று இடம் போதும். முதல் இதழில் ஒன்றே ஒன்று வையுங்கள். எல்லாப் பத்தியின் முடிவிலும் ஒரு கேலி வந்தால், வாசகர் செய்தியை விட்டுவிட்டு அடுத்தது என்ன என்று எதிர்பார்க்கத் தொடங்குவார். உங்களுக்கும் மாதாமாதம் திணிக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

எளிதில் கைகொடுப்பது படக்குறிப்பு. "ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றியபோது" என்பது படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்கிறது. படத்தின் நடுவை விட்டு ஓரத்தைப் பாருங்கள், அங்கே நிற்பவர் யார், என்ன செய்தார் என்று கேளுங்கள். "குத்துவிளக்கு ஏற்றும் சிறப்பு விருந்தினர். வலது ஓரத்தில் நிற்பவர் எலக்ட்ரிக்கல் பிரிவுத் தோழர். ஐந்து திரியும் ஏறி முடியும்வரை மேடை ஃபேனை அணைத்து வைத்தவர்." விருந்தினருக்குக் குறைவில்லை. ஓரத்தில் நின்றவருக்கு முதல் முறையாகச் செய்திமடலில் இடம் கிடைக்கிறது. இங்கே 'தோழர்' என்பதற்குப் பதில் அவர் பெயரைப் போடுங்கள். விருந்தினருக்கு 'திரு.' போட்டால் இவருக்கும் 'திரு.' போடுங்கள். மேலே இருப்பவருக்கு இரண்டு அடைமொழி, கீழே இருப்பவருக்கு வெறும் பெயர் என்று இருந்தால், கீழே இருப்பவரைப் பற்றிய எந்த வேடிக்கையும் ஏளனமாகவே படும்.

அடுத்தது, செக்யூரிட்டி அறையில் கிடக்கும் பொருள்களின் பட்டியல். இதற்கு நீங்கள் எழுத வேண்டியது மிகக் குறைவு. செக்யூரிட்டியின் பதிவேட்டைப் பார்த்து, இருப்பதை இருப்பதுபோல எழுதுங்கள்:

"கிடைத்தவை: டிபன் பாக்ஸ் மூடி 4 (பாக்ஸ் இல்லை). குடை 3, அதில் ஒன்று விரியும். இடது கால் செருப்பு 1, எட்டாம் எண். உரியவர்கள் அடையாள அட்டையுடன் வரவும்."

செருப்புக்காரர் எப்படி வீட்டுக்குப் போனார் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை வாசகர் தானே கேட்டுக்கொள்வார், சிரிப்பும் அப்போதுதான் அவருடையதாகிறது. இந்தப் பட்டியலை ஒவ்வொரு மாதமும் அதே பக்கத்தில், அதே அளவில் போட்டால் சிலர் மடலை அந்தப் பக்கத்திலிருந்தே திறப்பார்கள். பணப்பை, மருந்து, அடையாள அட்டை போன்றவற்றை மட்டும் இதில் சேர்க்காமல் உரியவரிடம் நேரில் கொடுக்கச் சொல்லுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் பத்தியில் 'பொழுதுபோக்கு: புத்தகம் வாசித்தல், இசை கேட்டல்' என்றே எல்லோரும் எழுதித் தருவார்கள், ஏனென்றால் கேள்வி அப்படி. கேள்வியை மாற்றுங்கள்: "முதல் வாரத்தில் எந்த இடத்தைத் தேடி வழி தவறினீர்கள்?", "மதியச் சாப்பாட்டில் யாரோடும் பங்கிடாதது எது?" வரும் பதிலை மெருகேற்றாமல் அவர் சொன்னபடியே போடுங்கள். "அம்மா வைக்கும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. கேட்காதீங்க" என்று வந்தால் அதைத் திருத்த ஒன்றுமில்லை. அச்சுக்கு முன் அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர்களிடமும் இதே கேள்விகளை அவர்கள் மொழியில் கேட்கலாம். அவர்கள் பேசும் தமிழை அப்படியே எழுத்துப் பிழையோடு அச்சிட்டு வேடிக்கை ஆக்குவது மட்டும் கூடாது.

திருத்தம் போடும் இடம் சிறியது, ஆனால் அங்கே கேலிக்கு ஆள் தயாராக இருக்கிறார்: செய்திமடல் தயாரிக்கும் நீங்கள். "சென்ற இதழில் கேரம் போட்டியின் முதல் பரிசுக்காரர் படத்தின் கீழ் இரண்டாம் பரிசுக்காரர் பெயர் வந்துவிட்டது. சரியான பெயர்கள் கீழே. கேரம் விதிகள் எங்களுக்குத் தெரியும், பெயர்களில்தான் சந்தேகம்." சரியான விவரத்தை முதலில் கொடுத்துவிட்டு, கேலி உங்கள் மேல் மட்டும் விழட்டும்.

தொடக் கூடாதவை

இரங்கல், விபத்து, ஒழுங்கு நடவடிக்கை, ஆள்குறைப்பு, ஷிஃப்ட் மாற்றம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., சம்பளம், போனஸ். போனஸ் செய்தியைத் திறப்பவர் 8.33 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் நடுவில் எந்த எண் என்று மட்டுமே பார்ப்பார். அந்த எண்ணுக்கு முன்னால் நிற்கும் எந்த வேடிக்கையும் அவருக்கு எரிச்சல்தான்.

உடல் பருமன், நிறம், சாதி, ஊர்ப் பேச்சு, மாமியார்-மருமகள், கணவன்-மனைவி ஜோக் எதுவும் வேண்டாம். பாலியல் சாயல் கொண்ட பேச்சு 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி துன்புறுத்தலுக்குள் வருகிறது. 'சும்மா தமாஷுக்கு' என்பது அங்கே பதில் ஆகாது.

பக்க அமைப்பையும் கவனியுங்கள். ஒற்றைச் செருப்பும் இரங்கல் செய்தியும் ஒரே பக்கத்தில் வந்தால் இரண்டு செய்தியும் பாழ். இரங்கல் இருக்கும் பக்கத்தில் வேடிக்கை வரி எதுவும் வேண்டாம். எதிர்ப் பக்கத்திலும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. வெளியிடும் நாள் காலையில் மனிதவளப் பிரிவிலும் பாதுகாப்புப் பிரிவிலும் ஒருமுறை விசாரியுங்கள். முந்தின இரவு பெயிண்ட் ஷாப்பில் ஒருவருக்கு அடிபட்டிருந்தால் டம்ளர் அறிவிப்பில் கடைசிப் பத்தி மட்டும் போகட்டும், மற்றது அடுத்த மாதம் வரலாம்.

வெளியிடும் முன் பார்க்க வேண்டியவை

எழுதியதை இரண்டு நாள் கழித்து மீண்டும் படியுங்கள். பிறகு வேடிக்கை புரியாத ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டு படியுங்கள். அவருக்கும் என்ன செய்ய வேண்டும், எப்போது, எங்கே என்பது சரியாகப் புரிய வேண்டும். 'தகவல் இல்லை' என்பதில் அவருக்குச் சிரிப்பு வராது, ஆனால் 61 டம்ளர் கிடைக்கவில்லை என்பது தெரிந்துவிடும். அது போதும்.

அடுத்து, வேடிக்கை வரியை மட்டும் தனியாக வெட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அந்த இரண்டு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பத்தான் போகிறார்கள். முன்னும் பின்னும் இல்லாமல் படித்தாலும் யாருக்கும் குத்தக் கூடாது. ஷாப் ஃப்ளோரில் ஒருவர், செக்யூரிட்டியில் ஒருவர், அந்த வரியில் வரும் நபர் என்று மூன்று பேரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். "இதைப் படிச்சா யாருக்காவது சங்கடம் ஆகுமா?" என்று கேளுங்கள்.

மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்பும்போது 'நகைச்சுவை' என்று குறித்து அனுப்பாதீர்கள். அப்படிக் குறித்தால் அவர் அதை மட்டும் எடைபோட்டு நீக்குவார், அல்லது தனக்குத் தெரிந்த ஜோக் ஒன்றைச் சேர்ப்பார். அறிவிப்பை முழுதாக அனுப்புங்கள். ஒவ்வொரு வேடிக்கை வரிக்கும் அதே நீளத்தில் ஒரு நேரான மாற்று வரி கையில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் நீக்கச் சொன்னால் பக்க அமைப்பு கலையாது.

பிடிக்கவில்லை என்பதை அறிவது

யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ஒரு பிரிவு திடீரென்று செய்தியும் படமும் அனுப்புவதை நிறுத்துவது முதல் அறிகுறி. பலகையில் உள்ள பிரதியில் ஒரு பெயரின் மேல் பேனாக் கிறுக்கல் இருப்பது இன்னொன்று. அந்த வரியில் வந்தவரை மற்றவர்கள் வாரக்கணக்கில் அதே சொல்லால் கூப்பிடத் தொடங்கினால் உடனே கவனிக்க வேண்டும், நீங்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டீர்கள்.

அப்படி ஆனால் முதலில் அவரை நேரில் போய்ப் பாருங்கள், மின்னஞ்சல் வேண்டாம். பலகையில் இருக்கும் தாளை எடுத்துவிட்டு, மாற்று வரியோடு புதுப் பிரதி ஒட்டுங்கள், குழுவில் போட்ட பிடிஎஃபையும் மாற்றுங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எழுதச் சொன்னால் இரண்டு வரி நேரான வருத்தம் மட்டும் எழுதுங்கள், அதில் வேடிக்கை சேர்க்காதீர்கள்.